காலை ஐந்தரை

பரீட்சை வாரத்தில் வந்தாறுமூலை விடுதியில் யாரும் நேரத்துக்குப் படுப்பதில்லை. அன்று கச்சான் காற்றும் ஓய்ந்து புழுக்கம் ஏறியிருந்தது. அறைக் கதவுகளெல்லாம் திறந்தே கிடந்தன. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நிகழ்தகவுப் பாடம். தர்ஷிகா கட்டிலில் கொப்பியை விரித்துப் பொய்சோன் பரம்பல் கணக்கொன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

மின்னஞ்சல். இலவசப் பாவனை நாளை முடிகிறதாம், அதன் பிறகு அட்டையிலிருந்து 83.88 டொலர் எடுக்கப்படுமாம்.

அவள் திரும்ப வாசித்தாள். சேரும்போது பார்த்தது 6.99 என்ற எண். அது மாதக் கணக்கு. எடுக்கப்போவதோ பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில். ரூபாயில் 25,000க்கு மேல் வரும்.

"நுஸ்ரத், இதை ஒருக்காப் பாரன்."

நுஸ்ரத் மருதமுனைப் பிள்ளை. முதலாம் வருடத்திலிருந்தே இருவருக்கும் ஒரே அறை. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நாளைக்குத்தானே புள்ள. சோதினை முடிஞ்சு வந்து நிப்பாட்டு."

தர்ஷிகாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் நுஸ்ரத் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மின்னஞ்சலின் அடியில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஒரு வரி இருந்தது. அதை விரலால் பெரிதாக்கினாள்.

"இஞ்ச பாரு. 17 July, 00:00 UTC எண்டு போட்டிருக்கு. நம்மட நேரம் இல்ல இது. நானா கட்டாரிலருந்து கோல் எடுக்கிற நேரத்தக் கணக்குப் பாத்துப் பாத்து எனக்கு இது பழக்கம். நாம அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. அப்ப விடியக்காலம் அஞ்சரைக்கு எடுத்துருவான்."

மணி பத்தே முக்கால்.

அந்தக் கணக்கில் 31,000 ரூபாய் இருந்தது. அதில் பெரும் பகுதி அம்மாவின் சீட்டுக் காசு. களுவாஞ்சிகுடியில் விடியுமுன் எழும்பி இடியப்பம் அவித்து விற்கிற அம்மா. சீட்டு விழுந்ததும் முழுவதையும் மகளின் கணக்கில் போட்டு, "லப்டொப்ப திருத்து, மிச்சத்த வெச்சுக்க" என்று சொல்லியிருந்தார். திரையில் பாதி கறுத்துப்போன அந்த லப்டொப் அலுமாரிக்குள் கிடக்கிறது. பரீட்சை முடியட்டும் என்றுதான் இவள் வைத்திருந்தாள்.

சேர்ந்த கதை சின்னது. கஜனி அக்கா பெச் குழுவில் ஒரு இணைப்பு அனுப்பினார். பாடநூல் கணக்குகளுக்கு வரி வரியாக விளக்கம் கொடுக்கும் தளம், ஏழு நாள் இலவசம். நல்லதை நல்லதென்றே சொல்லவேண்டும், அதிலிருந்த விளக்கங்கள் தெளிவாகவே இருந்தன. அட்டை எண்ணை அடித்து, வந்த ஓடிபியைப் போட்டதும் உள்ளே போயாகிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

விலகுவதற்கு அந்த ஒரு நிமிடத்தை யாரும் வைத்திருக்கவில்லை.

அப்பைத் திறந்தாள். அவளுடைய பெயரைத் தொட்டால் ஒரு பக்கம் வந்தது. திட்டத்தை உயர்த்தலாம், நண்பருக்குப் பரிசளிக்கலாம், நிறத்தை மாற்றலாம். நிறுத்தலாம் என்று எங்கும் இல்லை. உதவிப் பக்கத்தில் தேடினாள். Billing என்ற பகுதிக்குப் போகச் சொன்னது. அப்பில் Billing என்ற பகுதியே இல்லை. மேலே, கீழே, உள்ளே என்று விரல் அலைந்தது. எந்தக் கதவைத் தட்டினாலும் அது திரும்ப முதல் பக்கத்திலேயே கொண்டுவந்து விட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்து அறை சுகன்யா எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அழிச்சு விடு. பிறகு எப்பிடி எடுப்பான்?"

"அழிச்சா அப்தான் போகும். காட் நம்பர் அவனிட்டத்தானே கிடக்கும்" என்றாள் நுஸ்ரத்.

சுகன்யா சொன்னதைத்தான் நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். போனிலிருந்து எடுத்தெறிந்ததும் முடிந்தது என்று நிம்மதியாக இருப்போம். அடுத்த மாதக் கணக்கறிக்கையில்தான் உண்மை தெரியும்.

பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதியைப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லையென்று காட்டியது. தர்ஷிகாவுக்கு ஒரு கணம் நிம்மதி, அடுத்த கணமே பயம். வங்கி அவசர எண்ணுக்கு எடுத்தாள். நீண்ட நேரம் பாட்டு. பிறகு ஒரு பெண் மரியாதையாகச் சொன்னார்: அட்டையை இப்போதே முடக்கலாம், புது அட்டைக்குக் கிளைக்கு வரவேண்டும். அந்த அட்டையை நம்பித்தான் பரீட்சை வாரம் முழுக்கச் சாப்பாடு, பஸ், போட்டோக் கொப்பி எல்லாம். முடக்கினாலும் தளத்தில் சந்தா அப்படியே நிற்கும், பிறகு பாக்கி என்று மின்னஞ்சல் வந்துகொண்டிருக்கும். "கடைசி வழியா வெச்சுக்கிறன் மிஸ்" என்று சொல்லி வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பிறகும் கொப்பி அதே பக்கத்தில் திறந்து கிடந்தது. λ = 3 என்று எழுதியிருந்தாள், அதற்குக் கீழே எதுவுமில்லை. அவளுக்குக் கண் நிறைந்தது காசை நினைத்து மட்டுமல்ல. இந்த இரவு அவளுடையது. இதை அவள் படிப்புக்காக ஒதுக்கி வைத்திருந்தாள். எங்கோ இருக்கிற யாரோ ஒரு பொத்தானை ஒளித்துவைத்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நுஸ்ரத், நான் சேர்ந்தது அப்பில இல்ல" என்றாள் திடீரென்று. "கஜனியக்காட லிங்க அமத்தி, குரோமில போய்க் காசு விபரம் குடுத்த. அப்ப பிறகுதான் போட்ட. அதான் பிளே ஸ்டோருக்கு ஒண்டும் தெரியல்ல. எங்க காட் நம்பர் குடுத்தனோ அங்கதான் நிப்பாட்டவும் ஏலும்."

குரோமில் தளத்தைத் திறந்தாள். அங்கேயும் அதே பக்கம். உடனே மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Desktop site என்பதில் சரி போட்டாள். பக்கம் சுருங்கி எறும்பெழுத்தானது. இடப்பக்கத்தில் இதுவரை இல்லாத ஒரு பட்டியல் முளைத்தது. அதன் கடைசியில் Billing.

உள்ளே போனாள். அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், அடுத்த கட்டணத் திகதி, பெரிய பச்சைப் பெட்டிக்குள் Upgrade. அதையும் தாண்டிப் பக்கத்தின் அடிவரை போனால், வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்தில், கோடுகூடப் போடாமல் Cancel trial. விளம்பர வாசகம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்கள். நுஸ்ரத் போனின் வெளிச்சத்தைக் கூட்டிய பிறகுதான் அது தெரிந்தது.

தொட்டதும் ஒரு பக்கம். இவ்வளவையும் இழக்கப்போகிறீர்களா என்று சிவப்புக் குறியிட்ட நீண்ட பட்டியல். Keep my plan என்று பெரிய பச்சைப் பொத்தான். Continue to cancel என்று அதன் கீழே சிறிதாக.

அடுத்த பக்கத்தில் பாதி விலை தருகிறோம் என்றார்கள். இப்போது பச்சைப் பொத்தானும் சாம்பல் எழுத்தும் இடம் மாறியிருந்தன. பழக்கத்தில் கீழே தொடப்போன தர்ஷிகாவின் கையை நுஸ்ரத் பிடித்துக்கொண்டாள். "மெதுவா. வாசிச்சுப் போட்டுத் தொடு."

அடுத்ததில் ஏன் போகிறீர்கள் என்று காரணம் கேட்டார்கள். ஒன்றைத் தெரிவுசெய்யாமல் நகராது. அதற்கும் அடுத்ததில் ஒரு மாதம் இடைநிறுத்திவைக்கலாமே என்றார்கள். இடைநிறுத்தினால் அடுத்த மாதம் அதே காசு போகும். கடைசியாக ஒரு வெற்றுப் பக்கத்தில், உங்கள் கோரிக்கை இன்னும் முடியவில்லை, மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள் என்று ஒரு வரி.

மின்னஞ்சல் வரவில்லை. காத்திருந்தார்கள். கெம்பஸ் வைஃபையை விட்டு டேட்டாவுக்கு மாறினார்கள். பிறகு நுஸ்ரத்துக்கு யோசனை வந்து Promotions பகுதியைத் திறக்க, தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவில் அது உட்கார்ந்திருந்தது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டதும் Billing பக்கத்தில் கட்டணத் திகதி இருந்த இடம் வெறுமையானது. தர்ஷிகா அதைப் படமெடுத்து வைத்தாள். வந்த உறுதி மின்னஞ்சலையும் படமெடுத்தாள். காசு போனால் வங்கியில் காட்ட அதுதான் கையிலிருக்கும் சான்று.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கட்டிலில் சாய்ந்தாள் நுஸ்ரத். "இனிப் படி."

தர்ஷிகா கொப்பியை இழுத்தாள். பேனாவை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அந்த லிங்க் குழுவுக்குத்தானே வந்த. எங்களோட அண்டைக்குச் சேர்ந்த மத்த ஆக்கள்?"

குழுவில் மேலே போய்ப் பார்த்தாள். "நானும் சேர்ந்திட்டன்" என்று அன்று மாலை ஐந்து பேர் போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் அதே நாள், அதே ஐந்தரை. செய்தி அனுப்பினாள். இரண்டு நீலக் குறி விழவில்லை. படித்துக் களைத்து அப்போதுதான் படுத்திருப்பார்கள், போனும் சத்தமில்லாமல் கிடக்கும்.

மணி மூன்றரை. இருவரும் எழுந்து வராந்தாவில் நடந்தார்கள். முதல் கதவு கஜனி அக்காவுடையது. திருக்கோவில்காரி, எதற்கும் அசையாதவர். விசயம் கேட்டதும் தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் எழுந்து வந்தார். "நான்தான்டி அனுப்பின. எல்லாரையும் நானே எழுப்புறன். நீங்க எங்க தொடுறெண்டு மட்டும் காட்டுங்க."

படிக்கும் மண்டபத்தில் லைட்டைப் போட்டுக் கூடினார்கள். தர்ஷிகா முன்னால் நின்று ஒவ்வொரு படியாகச் சொன்னாள். மூன்று புள்ளி. Desktop site. இடப்பக்கத்தில் கடைசி. பிறகு அடிமட்டும் இறங்குங்க, பச்சையத் தொட வேணாம், ரெண்டாவது பக்கத்தில இடம் மாறும். ஒருத்தி அவசரத்தில் பாதி விலையைத் தொட்டுவிட்டு அழத் தொடங்க, கஜனி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து கொண்டுபோனார். அவள் கொடுத்திருந்தது வாப்பாவின் அட்டை. கடைசியாக அவளுக்கு உறுதி மின்னஞ்சல் வந்தபோது மணி ஐந்து ஐந்து.

வெளியே பள்ளி பாங்கு முடிந்து நேரமாகியிருந்தது. நுஸ்ரத் தொழுதுவிட்டு ஒரு பிளாஸ்க் பிளேன்டீயோடு வந்தாள்.

"சரி, எல்லாரும் எழும்பித்தானே இரிக்கிறம்" என்றாள் தர்ஷிகா, வெண்பலகைக்குப் பக்கத்தில் கிடந்த மார்க்கரை எடுத்தபடி. "பொய்சோனில லம்டா மூண்டு. மணித்தியாலத்துக்கு மூண்டு கோல் வாற இடத்தில ஒண்டுமே வராம இரிக்கிற நிகழ்தகவு கேட்டிருக்கு. ஆருக்குத் தெரியும்?"

"e இன் மறை மூண்டாம் அடுக்கு" என்றாள் வாப்பாவின் அட்டைக்காரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "0.0498."

"ஏன் அப்பிடி?"

அவள் எழுந்து வந்து மார்க்கரை வாங்கினாள்.