மெய்ப்புத் திருத்துநர் பணிக்கு மறுபடியும் ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்
சு. மலர்விழி,
திருநகர், மதுரை.

பெறுநர்
பதிப்பாசிரியர் அவர்கள்,
சென்னை.

நாள்: 18.08.2025

பொருள்: மெய்ப்புத் திருத்துநர் பணி – இரண்டாம் முறை விண்ணப்பித்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2023 ஜூன் மாதம் இதே பணிக்கு விண்ணப்பித்து, நீங்கள் கொடுத்த நான்கு பக்கத் தேர்வை எழுதி, தேர்வாகாமல் போனவள் நான். மெய்ப்புத் திருத்துநர் தேவை என்று நீங்கள் மறுபடி அறிவித்திருப்பதைப் பார்த்துத்தான் இந்தக் கடிதம்.

அன்று நீங்கள் தொலைபேசியில் சொன்ன காரணம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பிழையைத் திருத்தச் சொன்னோம், நீங்க ஆசிரியரையே திருத்திட்டீங்க" என்றீர்கள். அப்போது கோபம்தான் வந்தது. தமிழ் முதுகலை படித்தவள், வல்லினம் மிகும் இடம் மிகா இடமெல்லாம் தலைகீழாகச் சொல்வேன், என்னைப் போய் வேண்டாம் என்கிறார்களே என்று ஒரு வாரம் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஆறேழு மாதம் கழித்து, நான் வைத்திருந்த நகலை எடுத்துப் பார்த்தேன். நான்கு பக்கத்தில் 41 திருத்தங்கள். அவற்றில் 17 தேவையே இல்லாதவை. கதையில் நெல்லைப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் கணவரைப் பற்றி, "அவிய வந்தாவன்னா சொல்லுதேன்" என்கிறாள். அதை "அவர்கள் வந்தார்கள் என்றால் சொல்கிறேன்" என்று சிவப்பு மையில் மாற்றியிருந்தேன். அந்த 'அவிய'வில் இருந்த மரியாதையும் நெருக்கமும் போய், வானொலிச் செய்தி வாசிப்பது மாதிரி ஆகிவிட்டது. இந்த அழகில், இரண்டாம் பக்கத்தில் 'முத்தையா'வாக இருந்தவர் நான்காம் பக்கத்தில் 'முத்தய்யா' ஆனதைக் கோட்டைவிட்டிருக்கிறேன். 'பொருத்தவரை' என்று இருந்ததும் என் கண்ணில் படவில்லை. அவசியமில்லாத இடத்தில் கை வைத்தால், அவசியமான இடத்தில் கண் போவதில்லை. நீங்கள் எடுத்த முடிவு சரி.

அந்தத் தேர்வுக்குப் பின் மதுரையில் ஒரு சிறு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்த்து வருகிறேன். இதுவரை 14 நூல்கள்: ஐந்து நாவல், நான்கு கட்டுரைத் தொகுப்பு, இரண்டு தன்வரலாறு, மூன்று பழைய நூல்களின் மறுபதிப்பு. பட்டியலும், ஆசிரியர்கள் அனுமதித்த இரண்டு நூல்களிலிருந்து திருத்திய பக்கங்களும் இணைத்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு நூலுக்கும் முதல் வாசிப்பில் பேனாவைத் தொடுவதில்லை. ஒரு நோட்டில் சீர்மைப் பட்டியல் மட்டும் போடுகிறேன். ஆசிரியர் 'கறுப்பு' எழுதுகிறாரா, 'கருப்பு' எழுதுகிறாரா. பாத்திரப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், உறவுமுறைச் சொற்கள் எப்படி வருகின்றன. உரையாடலில் எந்த வட்டாரம். இரண்டாம் வாசிப்பில்தான் திருத்தம். சந்தேகமானவற்றுக்குப் பென்சிலில் ஓரக் கேள்விக்குறி, அவ்வளவுதான். ஒரு தன்வரலாற்றில் ஐம்பது இடத்துக்கு மேல் 'முயற்சித்தேன்' இருந்தது. பழைய மலர்விழியாக இருந்தால் எல்லாவற்றையும் 'முயன்றேன்' ஆக்கியிருப்பேன். இந்த முறை ஆசிரியரிடம் கேட்டேன். "எழுத்துல மாத்திக்கோம்மா, எங்கப்பா பேசுற இடத்துல மட்டும் விட்டுடு" என்றார். அப்படியே செய்தோம்.

ஒரு சறுக்கலையும் சொல்லிவிட வேண்டும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய ஒரு கோப்பில், ஔகாரம் முழுக்க ளகரமாக விழுந்திருந்தது: 'மெளனம்', 'கெளரவம்', 'வெளவால்', 'ஒளவையார்'. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் 'ஔவை' என்று தேடினால் ஒன்றுகூடச் சிக்காது. நான் அவசரத்தில் 'வெள' வரும் இடமெல்லாம் 'வௌ' ஆகட்டும் என்று ஒரே சொடுக்கில் மாற்றினேன். வௌவால் சரியானது; ஆனால் புத்தகத்திலிருந்த அத்தனை வெளிச்சமும் 'வௌிச்சம்' ஆகி, திரையில் புள்ளி வட்டத்தோடு பல்லிளித்தது. வெள்ளமும் போச்சு, வெள்ளிக்கிழமையும் போச்சு. நல்லவேளை, பழைய கோப்பின் பிரதி இருந்தது. இப்போது 'வெளவ', 'மெளன', 'கெளர' என்று நீளமாகத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்றுகிறேன். மாற்றுவதற்கு முன் கோப்பைப் பிரதி எடுக்காமல் எதையும் தொடுவதில்லை.

மறுபதிப்புகளில்தான் அதிகம் கற்றேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில், யானைத் துதிக்கை மாதிரி வளைந்த ஐகாரம் வைத்த லை, ளை, ணை, னை இருக்கும். ஒற்றை உருவமாக ஒட்டிய றா, னா, ணா இருக்கும். ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் மென்பொருள் இவற்றைக் கண்டபடி வாசித்துவைக்கும். அதனால் மூலப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் தங்கையை உரக்க வாசிக்கச் சொல்லி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். எழுத்து வடிவம் புதிதாகலாம். ஆனால் ஆசிரியர் எழுதிய 'பாஷை' பாஷையாகவே இருக்க வேண்டும் என்பதில் இப்போது எனக்குக் குழப்பம் இல்லை. அந்தக் காலத்துச் சொல் எனக்குப் புரியாவிட்டால் அது தவறு என்று நினைக்கும் முன், சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனைப் புரட்டிப் பார்த்துவிடுகிறேன்.

குறைகளையும் மறைக்கவில்லை. ஒரு நாவலை முதல் வாசிப்பில் நாளைக்கு 35 பக்கத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியாது. அதற்கு மேல் போனால் கண் மேய ஆரம்பித்துவிடும். புத்தகக் காட்சிக்கு முந்தைய டிசம்பர் அவசரத்தை இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன், ஆனால் உங்கள் அளவுக்குப் பல நூல்கள் ஒரே சமயத்தில் நகரும் இடத்தில் வேலை செய்ததில்லை. சங்க இலக்கியச் சீர் பிரிப்பில் தனியாக முடிவெடுக்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை, மூத்தவர் ஒருவர் கூட இருந்தால் செய்வேன். இன்டிசைனில் பக்கம் வடிவமைக்கத் தெரியாது. வடிவமைத்த பக்கத்தில் திருத்தம் போடத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். முடிந்தால் அதே நான்கு பக்கத்தை மறுபடி கொடுங்கள். அதே பக்கம் என்றால் விடை தெரிந்துவிடுமே என்று நினைத்தால், வட்டார வழக்கு நிறைய உள்ள வேறு பகுதி ஏதாவது. உங்கள் பதிப்பகத்தின் சீர்மை விதிகள் எழுத்தில் இருந்தால் முன்கூட்டியே அனுப்பினால் நன்றாக இருக்கும். 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' இரண்டில் உங்கள் வழக்கம் எது என்று தெரியாமல் கை வைக்க மாட்டேன்.

சென்னைக்குக் குடிவருவதில் தடை இல்லை. இப்போது கையில் இருக்கும் கட்டுரைத் தொகுப்பு செப்டம்பர் 20-க்குள் முடிந்துவிடும். அதைப் பாதியில் விட்டுவிட்டு வர மனமில்லை. தேர்வுக்கு எந்தச் சனிக்கிழமை அழைத்தாலும் வருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
சு. மலர்விழி

இணைப்பு:
1. தன்விவரக் குறிப்பு
2. மெய்ப்புப் பார்த்த நூல்களின் பட்டியல்
3. திருத்திய பக்கங்கள் – 12
4. 2023 தேர்வுத் தாளின் நகல், தேவையற்ற 17 திருத்தங்களையும் பச்சை மையில் நானே அடித்தது