சோஷியல் மிஸ்ஸுக்கு ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் கடிதம்

காசிமேடு

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தாம்பரம் பக்கம் மாறுதல் வந்துவிட்டது என்று பிரேயரில் ஹெச்.எம். சொன்னபோது கடைசி வரிசைக்கு மைக் சரியாகக் கேட்கவில்லை. வகுப்புக்கு வந்துதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அதனால் லேட்டாக அழுதார்கள்.

‘அறிவொளி ஏற்றிய ஆசானே’ என்று ஆரம்பிக்கலாம் என்றார்கள் சிலர். படித்தால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டோம்.

வரைபடப் பாடம் நடத்தும்போது அட்லஸை மூடச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா மிஸ்? அவரவர் தெருவை வரைந்து வரச் சொன்னீர்கள். ஐஸ் கம்பெனி, வலை பின்னுகிற இடம், ஏலம் விடுகிற இடம், கருவாடு காய்கிற இடம் எல்லாம் சார்ட்டில் வந்தது. அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, ‘இப்போ அளவை சரி பண்ணுங்க’ என்றீர்கள். ஹார்பரை விடத் தன் வீட்டைப் பெரிதாகப் போட்டவன் இன்னும் அதை மாற்றவில்லை.

ராயபுரம் ஸ்டேஷனைத் தினமும் தாண்டித்தான் போவோம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது என்று நீங்கள் கூட்டிப்போய்க் காட்டின பிறகுதான் அந்தத் தூண்களை நிமிர்ந்து பார்த்தோம். இப்போது ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை நாங்களே இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறோம். அவர்கள் மெரினாவுக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். அது வேறு கதை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, வீட்டில் காசும் இருக்காது. பள்ளி திறக்கிறதும் அந்த நேரத்தில்தான். நோட்டு இல்லாமல் வந்தவர்களை ஏன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அலமாரியைத் திறந்து வைத்து, ‘வேணும்கிறவங்க எடுத்துக்கோங்க, பேர் எழுத வேண்டாம்’ என்றீர்கள். யார் எடுத்தார்கள் என்று எங்களுக்குள்ளும் பேசிக்கொண்டதில்லை. விடியற்காலை ஹார்பரில் கூடை தூக்கிவிட்டு வந்து முதல் பீரியடில் தூங்குகிறவனை எழுப்பாமல், மதியம் தனியாக உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தீர்கள். அவன் பேர் போடக் கூடாது என்கிறான். சரி, போடவில்லை.

புது ஸ்கூல் பிள்ளைகள் மேல் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் அவர்களுக்கும் அந்த அலமாரி வேண்டும் மிஸ். இங்கே இருக்கிறதை நாங்கள் காலியாக விட மாட்டோம். போன வருஷ நோட்டில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைக்க ஆரம்பித்திருக்கிறோம்.

எங்களைப் பார்க்க வர வேண்டும். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு நேர் ட்ரெயின் இருக்கிறது. அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. தடைக்காலத்தில் மட்டும் வராதீர்கள், நல்ல மீன் கிடைக்காது. ஜூன் கடைசியில் வந்தால் வஞ்சிரம் எங்கள் பொறுப்பு. குழம்பா வறுவலா என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு மாணவ மாணவிகள்

பி.கு.: பாதியில் நிற்கிற பிரெஞ்சுப் புரட்சியை யார் முடிப்பார்கள்?