பதின்மூன்று புள்ளி, இரண்டு கோலம்

தரம் 8 கணிதம்: சமச்சீர்

பிள்ளைகளே, பொங்கலன்று விடியற்காலையில் லயத்து வாசலை மெழுகி அம்மாவோ அக்காவோ கோலம் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் புள்ளிதான் வைப்பார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

கொப்பியில் 1, 3, 5, 3, 1 என்று ஐந்து வரிசை நேர்ப்புள்ளி வையுங்கள். மொத்தம் 13. கோடியில் உள்ள நான்கு புள்ளிகளையும் இணைத்தால் ஒரு சதுரம் சாய்ந்து நிற்கும். அதைத் திசுத்தாளில் பிரதிசெய்து மடித்துப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும் மடிப்புக்கோடுதான் சமச்சீர் அச்சு. இதில் நான்கு அச்சுகள் உண்டு.

அப்புறம் திசுத்தாளை விரித்து, மூல உருவின் மேல் வைத்து, நடுப்புள்ளியில் குண்டூசி குத்திச் சுழற்றுங்கள். 90° திரும்பும்போதெல்லாம் பொருந்தும். ஒரு முழுச் சுற்றில் நான்கு தடவை பொருந்துவதால் சுழற்சிச் சமச்சீர் வரிசை 4.

அதே புள்ளிகளில், நடுவிலிருந்து நான்கு கோடிக்கும் ஒரே பக்கமாக வளைந்த கோடு போட்டால் காற்றாடி வரும். சுழற்றினால் நான்கு தடவை பொருந்தும். எப்படி மடித்தாலும் பொருந்தாது. சுழற்சிச் சமச்சீர் இருந்தால் அச்சும் இருக்கும் என்று பலர் எழுதிவிடுகிறீர்கள். காற்றாடியை நினைவில் வையுங்கள். பொங்கல் பானை இதற்கு நேர்மாறு: அச்சு ஒன்று உண்டு, சுழற்சிச் சமச்சீர் இல்லை.

இனி 1, 4, 3, 4, 1 என்று ஊடுபுள்ளி வையுங்கள். இதுவும் 13தான். மேல்நோக்கி ஒரு முக்கோணி, கீழ்நோக்கி ஒரு முக்கோணி வரைந்தால் நட்சத்திரக் கோலம். அச்சு 6, சுழற்சிச் சமச்சீர் வரிசை 6, ஒவ்வொரு தடவையும் 60°.

ஆனால் ஒன்று கவனியுங்கள். புள்ளிகளுக்கு இடையே 10 செ.மீ. விட்டு, வரிசைகளுக்கு இடையேயும் 10 செ.மீ. விட்டால் நட்சத்திரம் நெடுத்துப்போகும். நடுவிலிருந்து மேல் முனைக்கு 20 செ.மீ., பக்க முனைக்கு ஏறக்குறைய 18 செ.மீ. முனைகள் சமதூரத்தில் இல்லாததால் அச்சு இரண்டாகவும் சுழற்சிச் சமச்சீர் வரிசை 2 ஆகவும் குறைந்துவிடும். புள்ளி வரிசைகளுக்கு இடைவெளி ஏறக்குறைய 8.7 செ.மீ. இருந்தால்தான் ஆறு முனையும் நடுவிலிருந்து 17.3 செ.மீ. தூரத்தில் நிற்கும். ஊடுபுள்ளிக் கோலத்தில் கைப்பழக்கம் உள்ளவர்கள் வரிசையைக் கொஞ்சம் நெருக்கி வைப்பதைக் கவனித்திருக்கிறேன். அடிமட்டம் இல்லாமலே அந்தக் கணக்கு அவர்கள் விரலில் இருக்கிறது, எனக்கு அது பெரிய விஷயம்.

வீட்டில் செய்ய:

1. வாசல் கோலத்தின் நடுவிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் நூல் பிடித்து அளந்து எழுதுங்கள். கோலம் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. நட்சத்திரத்தின் ஆறு முனைக்கும் சிவப்பு, மஞ்சள் என மாறி மாறி நிறம் போடுங்கள். நிறமும் பொருந்தவேண்டும் என்றால் அச்சு எத்தனை? சுழற்சிச் சமச்சீர் வரிசை எத்தனை?

3. காற்றாடியின் ஒரு வளைவை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பி வரைந்து, மறுபடி சுழற்றிப் பாருங்கள்.