செல்லுபடியாகும் கோபம்

இன்றைய குறள்:

செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என். (301)

செல்லிடம் என்றால் நம் கோபம் பலிக்கும் இடம். 'இந்த நோட்டு செல்லாது' என்கிறோமே, அதே 'செல்'. நம்மை எதிர்த்துப் பேச முடியாதவரிடம் கோபத்தை அடக்குகிறவன்தான் சினம் காப்பவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று வள்ளுவர் கேட்கிறார். அந்தக் கடைசி 'என்'னில் கொஞ்சம் நக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

போன வாரம் ஒரு வங்கியில் பாஸ்புக் பதிய நின்றேன். 'பிரிண்டர் ரிப்பேர், உட்காருங்க' என்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, 'நாளைக்கு வாங்க' என்றார்கள். 'பரவாயில்லை சார்' என்று சிரித்துவிட்டு இறங்கினேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பெரியவர். என் வண்டியை வெளியே எடுக்க இரண்டு நிமிடம் தாமதமாகிவிட்டது. அவரிடம் கத்திவிட்டேன். மாடியில் நான் காட்டிய பொறுமைக்கு என்ன மதிப்பு என்பது அப்புறம்தான் உறைத்தது.

இதோடு சேர்த்து அப்பர் திருவொற்றியூரில் பாடிய தேவாரம் ஒன்று:

மனமெனும் தோணி பற்றி மதியெனும் கோலை ஊன்றிச்
சினமெனும் சரக்கை ஏற்றிச் செறிகடல் ஓடும் போது
மதனெனும் பாறை தாக்கி மறியும்போ தறிய வொண்ணா
துனையுனும் உணர்வை நல்காய் ஒற்றியூர் உடைய கோவே.

மனம் தோணி, அறிவு கோல், கோபம் சரக்கு. காமம் என்னும் பாறையில் மோதித் தோணி கவிழும்போது உன்னை அறிய முடியாது. உன்னை நினைக்கும் உணர்வைக் கொடு என்று கேட்கிறார். 'உனை உனும்' என்பது 'உன்னை உன்னும்', அதாவது நினைக்கும்.

ஒற்றியூர் கடலோர ஊர். அங்கே நின்று பாடியவருக்குத் தோணி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் கோலைக் கவனியுங்கள். கோல் ஊன்றித் தள்ளுவது ஆழமில்லாத தண்ணீரில்தான் நடக்கும். நடுக்கடலில் அது தரை தட்டாது. நம் புத்திசாலித்தனத்தின் நீளம் அவ்வளவுதான் என்று சொல்லாமல் சொல்கிறாரோ?

சரக்கு என்ற சொல்லும் என்னை விடவில்லை. சரக்கு தானாக வந்து ஏறாது, நாம்தான் ஏற்றுகிறோம். ஏற்றியதை எங்காவது இறக்கியாக வேண்டும். நான் மாடியில் ஏற்றியதைக் கீழே, கரை தாழ்ந்த இடமாகப் பார்த்து இறக்கினேன். வள்ளுவர் சொன்ன செல்லிடம் அதுதான்.

அன்று அந்தப் பெரியவர் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. 'சரி சார்' என்றார், நான் மாடியில் சொன்ன அதே குரலில். பாஸ்புக் இன்னும் பதியவில்லை. வியாழக்கிழமை மறுபடி போக வேண்டும். வண்டியை அவரிடம்தான் விட வேண்டும்.