மோட்டாரைச் சரிசெய்தது யார்? ஹேவ், கெட் பயிற்சித்தாள்

கும்பகோணம் மாலை வகுப்பு, இடைநிலைக் குழு

"கடைத்தெருவுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தேன்" என்று சொன்னால், கத்தரி பிடித்தவர் வேறொருவர் என்பது நமக்குத் தானாகவே புரிகிறது. ஆங்கிலத்தில் "ஐ கட் மை ஹேர்" என்றால், கண்ணாடி முன்னால் நின்று நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். வேலை நடந்தது நமக்காக, செய்தது வேறொருவர் என்றால் "ஐ ஹேட் மை ஹேர் கட்" என்று சொல்ல வேண்டும்.

அமைப்பு: ஹேவ் அல்லது கெட் + பொருள் + வினையின் மூன்றாம் வடிவம். நேற்று, இன்று, நாளை என எதுவானாலும் மாறுவது ஹேவும் கெட்டும்தான். மூன்றாம் வடிவம் அப்படியே இருக்கும்.

வரிசையில்தான் அதிகம் தடுமாறுகிறோம். இந்த இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள்.

"ஹி ஹேட் ரிப்பேர்ட் தி மோட்டார்": அவரே முன்பு சரிசெய்திருந்தார்.
"ஹி ஹேட் தி மோட்டார் ரிப்பேர்ட்": ஆள் வைத்துச் சரிசெய்தார்.

சொற்கள் அதேதான். பொருள் நடுவில் வந்தால் செய்தவர் மாறிவிடுகிறார். அதனால் எழுதும்போது முதலில் பொருளை நடுவில் வையுங்கள், பிறகு வினையைத் தேடுங்கள்.

கேள்வியும் மறுப்பும் டூ, டஸ், டிட் கொண்டே வரும்: "டிட் யூ ஹேவ் இட் ரிப்பேர்ட்?" "ஹேட் யூ இட் ரிப்பேர்ட்?" என்று கேட்காதீர்கள்.

பேச்சில் கெட் அதிகம். அலைந்து திரிந்து ஒரு காரியத்தை முடித்தோம் என்னும்போதும், "போய்க் கண்ணைக் காட்டிட்டு வா" என்று ஒருவரை அனுப்பும்போதும் கெட்தான் இயல்பாக வரும். ஒன்றைக் கவனியுங்கள்: "ஐ மஸ்ட் கெட் திஸ் ஒர்க் ஃபினிஷ்ட்" என்றால் நானே முடிப்பதாகவும் இருக்கலாம். இடம் பார்த்துத்தான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பொருளுக்குப் பதில் ஆள் வந்து, அந்த ஆளே வேலையைச் செய்தால் மூன்றாம் வடிவம் வராது. ஹேவ் என்றால் வினை வெறுமனே வரும்: "ஐ ஹேட் ஹிம் செக் இட்". கெட் என்றால் 'டு' சேரும்: "ஐ காட் ஹிம் டு செக் இட்".

நாம் கேட்காமல் நமக்கு நேர்ந்த கெடுதலுக்கும் இதே அமைப்பு உண்டு. "ஹி ஹேட் ஹிஸ் ஃபோன் ஸ்டோலன்" என்றால் போனைத் திருடச் சொன்னார் என்று பொருளில்லை, பறிகொடுத்தார் என்று பொருள்.

பகுதி 1: முடித்து எழுதுங்கள்

தொடக்கத்தையும் சேர்க்க வேண்டிய சொற்களையும் தந்திருக்கிறேன். வினையின் வடிவத்தை நீங்கள் மாற்ற வேண்டும்.

1. மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்வதற்குள் வயலை உழுதாக வேண்டும். தொடக்கம்: வி மஸ்ட் கெட். சேர்க்க: தி ஃபீல்ட், ப்ளவ்.
2. அக்கா கல்யாணத்துக்குத் திருபுவனத்தில் பட்டுப்புடவை நெய்யக் கொடுத்திருக்கிறோம், இப்போது தறியில் இருக்கிறது. தொடக்கம்: வி ஆர் ஹேவிங். சேர்க்க: எ சில்க் சாரி, வீவ்.
3. மாமா நாச்சியார்கோயிலில் இரண்டு குத்துவிளக்கு செய்து வாங்கினார். தொடக்கம்: மை அங்கிள் ஹேட். சேர்க்க: டூ ப்ராஸ் லேம்ப்ஸ், மேக்.
4. கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடை போட்டாச்சா? தொடக்கம்: டிட் யூ கெட். சேர்க்க: தி பேடி, வெய்.
5. கோயிலுக்குச் சுவாமிமலையில் ஒரு வெண்கலச் சிலை வார்க்கக் கொடுக்கப்போகிறார்கள். தொடக்கம்: தே வில் ஹேவ். சேர்க்க: எ ப்ரான்ஸ் ஐடல், காஸ்ட்.
6. சித்தி இன்னும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. தொடக்கம்: ஷி ஹேஸன்ட் ஹேட். சேர்க்க: ஹெர் ப்ளட், டெஸ்ட், யெட்.
7. மெக்கானிக்கை வரவழைத்துப் பம்பைப் பார்க்க வைத்தேன். தொடக்கம்: ஐ காட் தி மெக்கானிக். சேர்க்க: செக், தி பம்ப்.

பகுதி 2: பொருள் மாறாமல் மாற்றி எழுதுங்கள்

ஒவ்வொன்றும் எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும் என்று கடைசியில் இருக்கிறது.

1. ஆன் எலக்ட்ரீஷியன் இஸ் ரீவைண்டிங் அவர் மோட்டார். (வி)
2. ஹேஸ் தி டெய்லர் ஸ்டிச்ட் யுவர் பிளவுஸ்? (ஹேவ் யூ)
3. சம்ஒன் ஸ்டோல் ஹிஸ் பைசிக்கிள் நியர் தி பஸ் ஸ்டாண்ட். (ஹி)
4. தி சைக்ளோன் டோர் ஆஃப் தேர் ரூஃப் இன் 2018. (தே)
5. ஐ ஆஸ்க்ட் மை பிரதர் டு பிரிண்ட் தி ஃபார்ம், அண்ட் ஹி டிட். (ஐ, இரண்டு விதமாக)

பகுதி 3: அம்மாவின் செய்தி

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனுக்கு, திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பிய செய்தி இது. மகனுடைய அறைத்தோழனுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

"தம்பி, மோட்டார்ல காயில் எரிஞ்சுபோச்சு. அப்பா கும்பகோணத்துல குடுத்துக் கட்டிட்டு வந்துட்டாங்க. பொங்கலுக்கு வீட்டுக்கு நாங்களே சுண்ணாம்பு அடிச்சோம். மாடிக்கு மட்டும் தட்டோடு பதிச்சோம், கொத்தனார் நல்லா செஞ்சார். நீ ஊருக்கு வர்றதுக்குள்ள கண்ணை டெஸ்ட் பண்ணிடுப்பா."

விடைகள்

பகுதி 1
1. வி மஸ்ட் கெட் தி ஃபீல்ட் ப்ளவ்ட்.
2. வி ஆர் ஹேவிங் எ சில்க் சாரி வோவன். வீவ், வோவ், வோவன். 'வீவ்ட்' என்று எழுதினால் தவறு.
3. மை அங்கிள் ஹேட் டூ ப்ராஸ் லேம்ப்ஸ் மேட்.
4. டிட் யூ கெட் தி பேடி வெய்ட்?
5. தே வில் ஹேவ் எ ப்ரான்ஸ் ஐடல் காஸ்ட். இந்த வினைக்கு மூன்று வடிவமும் ஒன்றே. கட், புட் இரண்டும் இதே இனம். மாறவில்லையே என்று 'காஸ்டட்' ஆக்கிவிடாதீர்கள்.
6. ஷி ஹேஸன்ட் ஹேட் ஹெர் ப்ளட் டெஸ்டட் யெட்.
7. ஐ காட் தி மெக்கானிக் டு செக் தி பம்ப். மற்ற ஆறிலும் நடுவில் பொருள் வந்தது, இங்கே ஆள். அதனால்தான் 'டு'.

பகுதி 2
1. வி ஆர் ஹேவிங் அவர் மோட்டார் ரீவவுண்ட். எலக்ட்ரீஷியனைச் சொல்லத் தேவையில்லை, காயில் கட்டுவது அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.
2. ஹேவ் யூ ஹேட் யுவர் பிளவுஸ் ஸ்டிச்ட்? ஹேவும் ஹேடும் அடுத்தடுத்து வருகின்றனவே என்று ஒன்றை அடித்துவிடாதீர்கள். முதலாவது காலத்துக்கு, இரண்டாவது 'தைக்கக் கொடுத்தல்' என்ற பொருளுக்கு.
3. ஹி ஹேட் ஹிஸ் பைசிக்கிள் ஸ்டோலன் நியர் தி பஸ் ஸ்டாண்ட்.
4. தே ஹேட் தேர் ரூஃப் டோர்ன் ஆஃப் பை தி சைக்ளோன் இன் 2018. முதல் விடையில் செய்தவரை விட்டோம், இங்கே 'பை' சேர்த்துச் சொல்கிறோம். கூரை போனது எதனால் என்பதுதான் இங்கே முக்கியச் செய்தி. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது வீட்டைப் பறிகொடுத்தவர்களின் உறவினர் நம் வகுப்பிலும் இருக்கலாம். அவர்களுக்கு இந்த அமைப்பைத் தெரிந்து வைத்திருப்பது தேர்வுக்காக மட்டும் அல்ல. நடந்ததை வெளியூர்க்காரரிடம் சரியாகச் சொல்ல இது வேண்டும்.
5. ஐ ஹேட் மை பிரதர் பிரிண்ட் தி ஃபார்ம். ஐ காட் மை பிரதர் டு பிரிண்ட் தி ஃபார்ம்.

பகுதி 3 (ஒரு மாதிரி)
"தி மோட்டார் காயில் பர்ன்ட் அவுட். அப்பா ஹேட் இட் ரீவவுண்ட் இன் கும்பகோணம். வி வைட்வாஷ்ட் தி ஹவுஸ் அவர்செல்வ்ஸ் ஃபார் பொங்கல். ஒன்லி தி டெரஸ் வி ஹேட் டைல்ட், அண்ட் தி மேசன் டிட் எ குட் ஜாப். கெட் யுவர் ஐஸ் டெஸ்டட் பிஃபோர் யூ கம் ஹோம்."

சுண்ணாம்பு அடித்ததற்கு ஹேவ் போட்டிருந்தால் திருத்துங்கள். "நாங்களே" என்று அம்மா சொல்லிவிட்டார்கள், உழைத்தது அவர்கள் கை. தட்டோடு பதித்ததிலும் தமிழில் "பதிச்சோம்" என்றுதான் இருக்கிறது, ஆனால் அடுத்த சொல்லிலேயே கொத்தனார் வந்துவிடுகிறார். வினையை மட்டும் பார்த்து எழுதியவர்கள் இந்த இரண்டு வாக்கியத்தையும் இன்னொரு முறை எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.