கோயில் நூற்றாண்டு மலர்: வடிவமைப்புக்கான முன்மொழிவு

ரோஸ் ஹில், 10 ஆகஸ்ட் 2026

பெறுநர்: செயலாளர், நூற்றாண்டு மலர்க் குழு, வாக்வா

ஐயா, வணக்கம்.

போன வாரம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசியதை வைத்து, என்ன செய்து தருவேன், எவ்வளவு ஆகும், எப்போது முடியும், எத்தனை முறை திருத்தலாம் என்பதை எழுதியிருக்கிறேன். தலைவர் ஐயா தமிழிலேயே கேட்டதால் தமிழில். குழுவில் இருக்கும் இளையவர்களுக்காக இதன் சுருக்கத்தைப் பிரெஞ்சில் ஒரு பக்கமாக நாளைக்கு அனுப்புகிறேன். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால் இந்தத் தமிழ்ப் படிதான் கணக்கு.

வேலை என்ன

மலர் 96 பக்கம், ஏ5 அளவு, 500 படிகள். உள்ளே ஒரே வண்ணம், நடுவில் 16 பக்கம் மட்டும் பல வண்ணப் படங்கள். அச்சகத்தில் ஒரு தாளை மடித்தால் 16 பக்கம் வரும் என்பதால் 96 சரியாக ஆறு தாளில் அடங்கிவிடும். கட்டுரை கூடி 98 பக்கம் ஆனால் இன்னொரு தாளுக்கும் சேர்த்துக் காசு போகும். அதனால் கட்டுரையாளர்களிடம் பக்க அளவை இப்போதே சொல்லிவிடுங்கள். வாழ்த்துச் செய்திகளுக்கு 8 பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். எந்த மலரிலும் வாழ்த்துச் செய்திதான் கடைசியில் வந்து சேரும். அவற்றுக்கு இடம் தயாராக இருந்தால் மற்ற பக்கங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்று மொழியையும் ஒவ்வொரு பக்கத்திலும் அருகருகே போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ஏ5 பக்கத்தை மூன்றாகப் பிரித்தால் தமிழ் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும். 'திருப்பணிக்குழுவினருக்கு' மாதிரி ஒரு சொல் வந்தால் வரியே காலியாகிவிடும். கோயில் வரலாறும் முக்கியக் கட்டுரைகளும் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் பிரெஞ்சு என்று எதிரெதிரே வரட்டும். ஆங்கிலம் படங்களின் கீழும், வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கான நான்கு பக்கச் சுருக்கத்திலும் போதும்.

அட்டையில் மொழிகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதைக் குழுவே தீர்மானித்து, கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். 1998ல் வந்த மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தி ஏறிக்கொண்டதும், நம்மவர் எதிர்ப்பால் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டி வந்ததும் குழுவில் பலருக்கு நினைவிருக்கும். நம் வீட்டு மலரில் அந்த வாக்குவாதம் அச்சுக்குப் போகிற வாரத்தில் கிளம்பக் கூடாது. என்னைக் கேட்டால் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம்.

தமிழ்ப் பகுதியில் எனக்கு அதிக நேரம் பிடிக்கப் போவது தட்டச்சு. நீங்கள் காட்டிய பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றும் கருவி உண்டு, ஆனால் மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும், 'ஸ்ரீ' உடைந்து வரும். எல்லாவற்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்துச் சரிசெய்வேன். பழைய கூட்டக் குறிப்பேட்டின் கையெழுத்துப் பக்கங்கள் 24ஐயும் நானே தட்டச்சு செய்கிறேன். மை மங்கிப் படிக்க முடியாத சொற்களை ஊகித்து நிரப்ப மாட்டேன். சதுர அடைப்புக்குள் புள்ளி வைத்து அனுப்புவேன், தெரிந்த பெரியவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது உபயதாரர் பட்டியல், ஏறக்குறைய 300 பெயர். எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே எழுதினால் ஆறுமுகம் 'ஆர்மூகோம்' ஆகிவிடுவார், சுப்பையா 'சூப்பாயா' ஆகிவிடுவார். நான் பழைய தமிழ் வடிவத்தில் எழுதிப் பட்டியலைக் கொடுப்பேன். ஆனால் தாத்தா காலத்துப் பதிவில் விழுந்த எழுத்தையே தங்கள் பெயராகக் கருதும் குடும்பங்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. எனவே பட்டியலை ஒருமுறை கோயில் பலகையில் ஒட்டி, திருத்தங்களைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பெயரோடு தொகையும் அச்சிடுவதாக இருந்தால் அவரவர் சம்மதம் வாங்குவதும் குழுவின் பொறுப்பு; தனிநபர் தகவலுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

பழைய படங்கள் 60 வரை ஸ்கேன் செய்து, கீறல், கறை நீக்கித் தருவேன். ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம், ஆல்பத்தோடு கொடுங்கள். முகங்களைத் திருத்தி அழகாக்க மாட்டேன். வண்ணமும் ஏற்ற மாட்டேன், கறுப்பு வெள்ளைப் படம் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும்.

இந்த வேலையில் சேராதவை: கட்டுரை எழுதுவது, மொழிபெயர்ப்பு, புதிதாகப் படம் எடுப்பது, விளம்பரம் திரட்டுவது, அச்சுச் செலவு. அச்சுக்கு மூன்று இடங்களில் விலைப்பட்டியல் வாங்கித் தருகிறேன். பணத்தைக் குழு நேரே அச்சகத்துக்குக் கட்டலாம். நடுவில் எனக்குக் கமிஷன் எதுவும் கிடையாது.

கட்டணம் (மொரீசியஸ் ரூபாயில்)

உள்பக்க வடிவமைப்பு, 96 பக்கம், பக்கத்துக்கு 450: 43,200
முன் அட்டை, பின் அட்டை, முதுகு: 7,500
படங்கள் 60, ஒன்றுக்கு 120: 7,200
கையெழுத்துப் பக்கத் தட்டச்சு 24, ஒன்றுக்கு 200: 4,800
பெயர்ப் பட்டியல் 300, ஒன்றுக்கு 15: 4,500
மொத்தம்: 67,200

நான் வாட் பதிவு செய்தவள் இல்லை, ஆகவே இதன் மேல் 15 விழுக்காடு வராது. பாமினி மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை, பக்கக் கட்டணத்திலேயே அடக்கம். படமோ பெயரோ குறைந்தால் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம், கூடினால் அதே விலையில் கூடும்.

கோயில் காரியம், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று பொருளாளர் ஐயா சொன்னார். பக்கத்துக்கு 600 வாங்கும் வேலையை 450க்குப் போட்டிருப்பது அதனால்தான். இதற்கும் கீழே போனால் பிழை பார்க்கும் நேரத்தைத்தான் குறைக்க வேண்டியிருக்கும், அது மலருக்கு நல்லதில்லை. செலவைச் சுருக்க வேண்டுமானால் 80 பக்கமாக்குங்கள். என் கட்டணத்தில் 7,200 குறையும், அச்சிலும் ஒரு தாள் மிச்சம்.

பணம் மூன்று தவணை: ஒப்புக்கொள்ளும்போது 20,160, முதல் முழுப் படி கைக்கு வந்ததும் 26,880, அச்சுக் கோப்பு கொடுக்கும் நாளில் 20,160. வங்கிப் பரிமாற்றம், ஜூஸ் கைபேசிச் செயலி, காசோலை எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் கோயில் பெயரில் ரசீது தருவேன், உங்கள் ஆண்டுக் கணக்குக்கு உதவும்.

காலம்

ஜனவரியில் காவடிக்கான கொடியேற்றத்தன்று மலர் கையில் இருக்க வேண்டும் என்றீர்கள். டிசம்பர் கடைசியில் அச்சகங்கள் மூடிவிடும், புத்தாண்டு விடுமுறை முடிந்து திறக்கும்போது காவடி வாசலில் நிற்கும். ஜனவரியை நம்பவே கூடாது. டிசம்பர் 18க்குள் அச்சிட்டுக் கட்டி எடுத்துவிட வேண்டும் என்று வைத்து, பின்னாலிருந்து கணக்கிட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21க்குள் ஒப்புதலும் முதல் தவணையும் வந்தால், செப்டம்பர் 4 அன்று அட்டைக்கு இரண்டு மாதிரியும் உள்ளே நான்கு பக்க மாதிரியும் தருவேன். கட்டுரை, படம், பட்டியல் எல்லாம் என்னிடம் வர வேண்டிய கடைசி நாள் செப்டம்பர் 18. முதல் முழுப் படி அக்டோபர் 19. உங்கள் திருத்தங்கள் அக்டோபர் 30க்குள். நடுவில் தீபாவளி இருப்பதால் இரண்டாம் படி நவம்பர் 13, அதன் திருத்தங்கள் நவம்பர் 20க்குள். அச்சுக் கோப்பு நவம்பர் 27 அச்சகத்துக்குப் போகும். அவர்களுக்கு மூன்று வாரம் கிடைக்கும்.

என் பக்கத்து நாள் தவறினால், தாமதமான ஒவ்வொரு வாரத்துக்கும் கடைசித் தவணையில் 1,000 கழித்துக்கொள்ளுங்கள். குழுவின் பக்கம் தாமதமானால் அபராதம் எதுவும் இல்லை, ஆனால் எனக்கான நாட்களும் அதே அளவு தள்ளிப்போகும். செப்டம்பர் 18க்குப் பிறகு வரும் கட்டுரையை இடமிருந்தால் மட்டும் சேர்ப்பேன். நவம்பரிலேயே புயல் காலம் தொடங்கிவிடுகிறது: மூன்றாம் நிலை எச்சரிக்கை விடப்படும் நாட்களும் மின்சாரம் இல்லாத நாட்களும் இரு பக்கக் கணக்கிலும் சேராது.

திருத்தம் எத்தனை முறை

மூன்று சுற்று. முதலாவது மாதிரிக்கு: அட்டை, எழுத்தளவு, வண்ணம், மொழி வரிசை எல்லாவற்றையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். இரண்டாவது முதல் முழுப் படிக்கு: வாக்கியம் மாற்றுவது, படம் இடம் மாற்றுவது, பெயர் திருத்துவது எல்லாம் இதில். மூன்றாவது இரண்டாம் படிக்கு: எழுத்துப் பிழையும் பெயரும் மட்டும். மூன்றாம் சுற்றில் வந்து அட்டை நிறம் பிடிக்கவில்லை என்றால் அது புது வேலை.

ஒரு சுற்று என்றால் குழு முழுவதும் பார்த்து, ஒருவர் கையால், ஒரே பட்டியலாக எனக்கு வருவது. காகிதத்தில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தாலும் சரி, பிடிஎஃப் கோப்பில் குறித்தாலும் சரி. வாட்ஸ்அப் குரல் செய்திகளை மட்டும் திருத்தமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் 'முருகன் படம் பெரிதாக' என்பார், இன்னொருவர் 'சிறிதாக' என்பார், நான் யார் பேச்சைக் கேட்பது? அந்தப் பட்டியலை அனுப்பப்போவது யார் என்பதை ஒப்புதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். தமிழைப் படித்துப் பார்க்கத் தமிழாசிரியர் ஒருவர், பிரெஞ்சுக்கு வேறொருவர் இருந்தால் இன்னும் நல்லது.

என் தட்டச்சில் விழுந்த பிழை எந்தச் சுற்றிலும் சேராது. அச்சுக்குப் போகும்வரை எப்போது கண்டாலும் இலவசமாகத் திருத்துவேன். மூன்று சுற்றுக்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் 2,500. அச்சுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்ட பிறகு மாற்றினால் பக்கத்துக்கு 300, அச்சகம் கேட்கும் செலவு தனி.

வேலை நடுவில் நிறுத்த நேர்ந்தால், அதுவரை முடிந்த பக்கங்களுக்கு மட்டும் கணக்குப் பார்த்து, கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பித் தருவேன். கடைசித் தவணை வந்ததும் அச்சுக் கோப்போடு மூலக் கோப்புகளையும் ஸ்கேன் செய்த படங்களையும் ஒரு யூஎஸ்பியில் போட்டுக் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அடுத்த மலரை வேறொருவர் செய்தாலும் சிக்கல் வராது. என் வேலை மாதிரியாக இரண்டு பக்கத்தைப் பிறருக்குக் காட்ட மட்டும் அனுமதி கேட்கிறேன்.

இந்த விலையும் நாட்களும் ஆகஸ்ட் 21 வரை செல்லும். சம்மதமானால் கீழே செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திட்டு, மொழி வரிசையையும் திருத்தம் அனுப்புபவர் பெயரையும் எழுதி அனுப்புங்கள். ஆல்பங்களை வாங்கிக்கொள்ள சனிக்கிழமை காலைப் பூஜைக்குப் பிறகு நானே கோயிலுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
மீனாட்சி
நூல் வடிவமைப்பாளர், ரோஸ் ஹில்