ஞாயிறு கிரகப்பிரவேசம்: யார் எதை வாங்குவது

பெரியம்மா, சித்தப்பா, சித்தி, அக்கா, அத்தான், முத்து எல்லாருக்கும்,

இன்று சாயங்காலம் செம்பூர் போய் ஐயரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஞாயிறு காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள் பால் காய்ச்ச வேண்டும். அவர் 4.30க்கே வந்து கணபதி ஹோமத்தை ஆரம்பித்துவிடுவார், அப்புறம் நவக்கிரகம். கூட இரண்டு பேர் வருவார்கள். சாமான் பட்டியலை இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் கொண்டுவருவது, நாம் வாங்குவது என்று பிரித்திருக்கிறேன்.

போன தடவை முத்து வீட்டு விசேஷத்தில் தேங்காய் மட்டும் முப்பத்தொன்று சேர்ந்தது. தீப்பெட்டி ஒன்றுகூட இல்லை. வாட்ச்மேனிடம் லைட்டர் வாங்கிக் கற்பூரம் ஏற்றினோம். அதனால் இந்த முறை ஒரு சாமானுக்கு ஒரே ஆள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று யாரும் கூடுதலாக வாங்க வேண்டாம். பெரியம்மா, உங்களைத்தான் சொல்கிறேன்.

ஐயர் கொண்டுவருவது: இரும்பு ஹோமகுண்டம், தர்ப்பை, நெய் விடும் கரண்டி, ஒன்பது கிரகத்துக்குமான சமித்து. எருக்கு, நாயுருவி, வன்னி என்று மும்பையில் அலைந்தால் நமக்கு ஒரு வாரம் ஆகும். அவருக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஆள் இருக்கிறாராம். வறட்டியும் அவரே. கலசத்துக்கு நூல் சுற்றுவதையும் வந்து பார்த்துக்கொள்வார், நூல்கண்டு மட்டும் நாம் வாங்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு நவதானியமும் ஒன்பது வஸ்திரமும். மாதுங்கா மார்க்கெட் உங்களுக்குப் பக்கம், கடைக்காரர்களும் பழக்கம். ஆனால் தயாராகக் கட்டி வைத்திருக்கும் பாக்கெட் வேண்டாம் என்று ஐயர் இரண்டு தடவை சொன்னார். அதில் உடைத்த துவரம்பருப்பையும் பாசிப்பருப்பையும் போட்டுவிடுகிறார்களாம். முழுத் தானியம்தான் வேண்டும். ஒவ்வொன்றும் கால் கிலோ: கோதுமை, நெல், முழுத் துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், தோல் நீக்காத கறுப்பு உளுந்து, கொள்ளு. மொச்சை அங்கே இல்லாவிட்டால் எங்கள் பக்கத்து மராட்டிக் கடையில் 'வால்' என்று கேட்டு நான் வாங்கிவிடுவேன், கொள்ளுக்குக் 'குளீத்'. நெல் கிடைக்காவிட்டால் பச்சரிசி வைக்கலாம் என்றார், அதற்காக அலைய வேண்டாம். வஸ்திரத்துக்கு ரவிக்கைத் துணி போதும்: சிவப்பு இரண்டு, வெள்ளை இரண்டு, பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு, பல நிறம் கலந்தது ஒவ்வொன்று. இந்தக் கடைசித் துணியை எடுக்கச் சித்தியை அனுப்புங்கள். நீங்கள் போனால் பூப்போட்ட திரைச்சீலைத் துணியோடு வருவீர்கள்.

வெற்றிலை நூறு, கொட்டைப்பாக்கு கால் கிலோ, தலைவாழை இலை இருபத்தைந்து, இவையும் மாதுங்காவிலேயே. பான் கடை வெற்றிலை வேண்டாம். இலையும் வெற்றிலையும் சனிக்கிழமை வாங்கினால் போதும். மற்றதை வெள்ளிக்குள் முடித்துவிடுங்கள்.

பூ முத்துவுக்கு. சனி விடியற்காலை தாதர் பூ மார்க்கெட். ஐந்து மணிக்கே அங்கே நிற்க முடியாத கூட்டம் இருக்கும், கைப்பையைப் பார்த்துக்கொள். சாமந்தி இரண்டு கிலோ, உதிரி ரோஜா அரை கிலோ, துளசி, அருகம்புல் இரண்டு கட்டு ('தூர்வா' என்று கேள்), மாவிலைக் கொத்து பத்து. மாவிலையும் ஜெண்டுப் பூவும் கோத்த தோரணம் அங்கேயே விற்கும், வாசலுக்கு ஒன்று வாங்கிவிடு. கட்டின மல்லிகைச் சரம் மட்டும் தாதரில் வேண்டாம், அதைச் சித்தி மாதுங்காவில் சொல்லி வைத்திருக்கிறார்.

முத்து, இன்னொரு வேலை. கரும்பு ஒன்று வேண்டும். உன் வீட்டு முனையில் இருக்கும் ரஸவந்திக்காரரிடம் பிழியாத முழுக் கரும்பு கேட்டுப் பார், கொடுப்பார். கணபதி ஹோமத்தின் எட்டு திரவியங்களில் அதுவும் ஒன்று. மற்றவை அவல், பொரி, சத்துமாவு, எள், கொப்பரை, வாழைப்பழம், கொழுக்கட்டை. எள் சித்தப்பா வாங்குவதிலேயே எடுத்துக்கொள்ளலாம். கொழுக்கட்டை பெரியம்மா பொறுப்பு: தேங்காய், வெல்லப் பூரணம் வைத்துச் சின்னதாக இருபத்தொன்று போதும். ஹோமத்துக்கு என்று தனியாக எடுத்து வைத்த பிறகு பிள்ளைகளுக்குக் கொடுங்கள். டோம்பிவிலியிலிருந்து அந்த நேரத்துக்கு வருவது சரிப்படாது, சனி இரவே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அங்கேயே செய்யலாம்.

தேங்காய் மொத்தம் ஒன்பது. எல்லாமே அக்காதான். கலசத்துக்கு எடுக்கும் இரண்டும் குடுமியோடு, உருண்டையாக இருக்கட்டும். பூர்ணாஹுதிக்கு முழுக் கொப்பரை இரண்டு, இது அந்த ஒன்பதில் சேராது. நெய் ஒன்றரை கிலோ, நல்லெண்ணெய் ஒரு லிட்டர், மஞ்சள், குங்குமம், சந்தனம், கற்பூரம், ஊதுபத்தி, திரி, நூல்கண்டு. அவல், பொரி, சத்துமாவு, இரண்டு சீப்பு வாழைப்பழமும் உன் கணக்கில்தான். வெல்லம் அரை கிலோ, பச்சரிசி மூன்று கிலோ. அம்மாவுடைய பித்தளைக் குடத்தை மறக்காமல் புளி போட்டுத் தேய்த்து எடுத்து வா.

அத்தான், உங்கள் சின்ன காஸ் அடுப்பும் சிலிண்டரும் வேண்டும். புது வீட்டில் குழாய் காஸ் இணைப்பு இன்னும் வரவில்லை. இண்டக்ஷன் அடுப்பு இருக்கிறதே என்று கவிதா கேட்டாள்; பித்தளைப் பாத்திரம் அதில் சூடாகாது. தீ தெரிய வேண்டும் என்பது ஐயருடைய விருப்பமும்கூட. பால் இரண்டு லிட்டர் கீழே கடையில் சொல்லியாயிற்று.

அப்புறம் செங்கல். குண்டத்தின் கால் நேராகத் தரையில் பட்டால் சூட்டில் டைல் விரிசல் விடும். எட்டு செங்கலும் அரைச் சாக்கு மணலும் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வைத்திருக்கிறேன், சனி மாலை அத்தானும் நானும் தூக்கி வருகிறோம். ஹாலில் புகை உணரும் கருவி இருக்கிறது. அதைப் பற்றிச் சொசைட்டி செக்ரட்டரியிடம் பேசிவிட்டேன், ஞாயிறு காலை மூன்று மணி நேரத்துக்கு ஆள் அனுப்பி எங்கள் மாடியில் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கும். பெரியம்மா, சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பூசணி ஒன்று நான் வாங்குகிறேன். கேட்டில் போட்டு உடைக்கச் சொசைட்டி விடாது, பைக்காரர்கள் வழுக்கி விழுவார்கள் என்பது நியாயம்தான். ஐயரிடம் கேட்டேன். சுற்றிய பிறகு தாம்பாளத்தில் வைத்துக் கத்தியால் பிளந்து, குங்குமம் தடவி அப்படியே எடுத்துப் போய்விடலாம் என்றார்.

ஐயருக்கும் கூட வருபவர்களுக்கும் வேட்டி துண்டு, தட்சிணை, ஒரு ரூபாய் நாணயம் ஐம்பது, எல்லாம் நானும் கவிதாவும். தீப்பெட்டியும் நானே, மூன்று.

ரசீதை வைத்திருங்கள், திங்கள்கிழமை கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். 'நமக்குள்ளே என்ன' என்று சித்தப்பா சொல்வார். அதைச் சாப்பாட்டுச் செலவில் பேசிக்கொள்ளலாம்.

யாருக்காவது ஏதாவது முடியாது என்றால் நாளை இரவுக்குள் சொல்லுங்கள், வேறு ஆளுக்கு மாற்றுகிறேன். வியாழன் காலை ஐயருக்குப் போன் செய்து கடைசிப் பட்டியலைப் படித்துக் காட்ட வேண்டும். ஞாயிறு மதியம் மெகா பிளாக் இருந்தாலும் இருக்கும். ரயிலில் திரும்புகிறவர்கள் பத்து மணிக்குள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கேட்டில் 1403 என்று சொன்னால் உள்ளே விடுவார்கள்.